வெறும் வயிற்றோடு வரணுமா, சாப்பிட்டு வரணுமா?

இலவச சர்க்கரைப் பரிசோதனை முகாம் என்று அச்சடித்த நோட்டீஸ் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே அமைப்புதான். மேலே சங்கத்தின் சின்னம். அதன் கீழே தலைவர், செயலாளர், பொருளாளர், குத்துவிளக்கேற்றுபவர், வாழ்த்துரை வழங்குபவர் என்று ஒரு பட்டியல், ஆளுக்கொரு படத்தோடு. நடுவில் கொட்டை எழுத்தில், "அமைதியாகக் கொல்லும் சர்க்கரை நோய்! எச்சரிக்கை!" பக்கத்தில் விரல்கள் கறுத்துப்போன ஒரு பாதத்தின் படம். எல்லாம் முடிந்து, இடம் மிச்சமிருந்த கடைசி வரியில் பொடி எழுத்தில்: "காலை 10 மணி. வெறும் வயிற்றில் வரவும்."

முகாம் நடத்துகிறவர்களின் நல்லெண்ணத்தில் சந்தேகம் இல்லை. சொந்தக் காசைப் போட்டு, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டு நடத்துகிறார்கள். ஆனால் இந்த நோட்டீஸைப் படித்து யார் வருவார் என்று யோசித்துப் பாருங்கள். ஏற்கனவே சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் வருவார். அந்தப் பாதம் அவரை ஒன்றும் செய்யாது, அவர் அதை ஆஸ்பத்திரிச் சுவரில் பார்த்துப் பழகியவர். இன்றைக்கு அளவு எவ்வளவு என்று காசில்லாமல் தெரிந்துகொள்ளலாம் என்று வருவார். முகாம் யாருக்காகப் போடப்பட்டதோ, அதாவது இதுவரை ஒரு தடவைகூடப் பார்த்துக்கொள்ளாத நாற்பது வயதுக்காரர், அவர் நோட்டீஸை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார்.

அப்படிப்பட்டவர்கள் நம்மிடையே நிறைய. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023-இல் வெளியானபோது, இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் சுமார் 10 கோடி என்றும், அதன் முன்நிலையில் இருப்பவர்கள் சுமார் 13.6 கோடி என்றும் சொன்னது. முன்நிலை என்றால், அளவு சாதாரணத்தைத் தாண்டிவிட்டது, நோய் என்று சொல்லும் கோட்டை இன்னும் தொடவில்லை. இதில் உள்ளவருக்கு வலி இல்லை, மயக்கம் இல்லை, பெரும்பாலும் எந்த அறிகுறியும் இல்லை. நன்றாக இருக்கிற மனிதரை, நன்றாக இருக்கும்போதே, விரலை நீட்டச் சொல்லிக் கூப்பிட வேண்டும். நோட்டீஸின் வேலை அதுதான்.

பயமுறுத்தினால் வருவார்கள் என்பது பழைய நம்பிக்கை. அதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்து மாணவர்களிடம் ஹோவர்ட் லெவெந்தாலும் அவருடைய சகாக்களும் நடத்திய ஆய்வு ஒன்று 1965-இல் வெளியானது. விஷயம் டெட்டனஸ் தடுப்பூசி. சில மாணவர்களுக்குக் குலைநடுங்க வைக்கும் படங்களும் வர்ணனையும் கொண்ட கையேடு. சிலருக்கு அதே செய்தி, அடக்கமான குரலில். இவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் கூடுதலாக ஒன்றைக் கொடுத்தார்கள்: பல்கலைக்கழக வரைபடத்தில் மருத்துவ மையம் வட்டமிடப்பட்டிருந்தது, அது திறந்திருக்கும் நேரம் எழுதப்பட்டிருந்தது, உங்கள் வார அட்டவணையில் எப்போது போக முடியும் என்று பாருங்கள் என்ற ஒரு வேண்டுகோளும் இருந்தது. அந்த மாணவர்களுக்கு அந்த மையம் எங்கே இருக்கிறது என்பது தெரியாததல்ல.

அதிகமாகப் பயந்தவர்கள், "கட்டாயம் போட்டுக்கொள்வோம்" என்று சொன்னார்கள். ஆனால் உண்மையில் ஊசி போட்டுக்கொண்டவர்களைக் கணக்கெடுத்தபோது, பயம் கூடுதலா குறைவா என்பது பெரிய வித்தியாசம் எதையும் செய்யவில்லை. வரைபடமும் நேரமும் பெற்றவர்களில் சுமார் 28 சதவீதம் பேர் போயிருந்தார்கள். பெறாதவர்களில் 3 சதவீதம். இன்னொரு விஷயத்தையும் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. நோயைப் பற்றி எதுவுமே சொல்லாமல் வழியை மட்டும் காட்டிய மாணவர்களில் யாரும் ஊசி போட்டுக்கொள்ளவில்லை. ஆகவே ஏன் வர வேண்டும் என்று ஒரு வரி வேண்டும். அது ஒரு வரியாக இருந்தால் போதும், மிச்ச இடம் முழுவதும் எப்படி வருவது என்பதற்குத்தான்.

நம் ஊரில் அந்த "எப்படி"யில் முதலில் இடறுவது சாப்பாட்டில். நோட்டீஸைப் படிக்கும் எந்தப் பெண்ணும் கேட்கும் முதல் கேள்வி, "வெறும் வயித்தோட வரணுமா, சாப்பிட்டு வரணுமா?" என்பதுதான். அதற்குப் பதில் நோட்டீஸில் இருக்காது, அல்லது கடைசி வரியில் தவறாக இருக்கும்.

வெறும் வயிற்றுப் பரிசோதனைக்கு முந்தின இரவு சாப்பாட்டுக்குப் பிறகு குறைந்தது 8 மணி நேரம் எதுவும் உண்ணக் கூடாது. தண்ணீர் குடிக்கலாம், காபி டீ கூடாது. இது காலை ஆறரைக்கு ஆரம்பித்து எட்டரைக்குள் முடிக்கிற பரிசோதனை. பத்து மணி முகாமுக்கு வெறும் வயிற்றில் வரச் சொல்லி, சிறப்பு விருந்தினர் பதினொன்றரைக்கு வந்து பேசி முடித்த பிறகு ரத்தம் எடுத்தால் என்ன ஆகும்? பாதிப் பேர் வரிசையில் நிற்கும்போதே வெளியே போய் டீ குடித்துவிட்டு வருவார்கள், கேட்டால் "ஒண்ணும் சாப்பிடலை" என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, டீயை யாரும் சாப்பாடாக நினைப்பதில்லை. ஆனால் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட அந்த டீ அளவை மாற்றிவிடும்.

இதைவிட மோசமான ஒன்றும் நடக்கலாம். ஏற்கனவே மாத்திரை சாப்பிடுகிற பெரியவர், நோட்டீஸ் சொன்னபடி பட்டினி, வழக்கப்படி காலை மாத்திரையும் போட்டாகிவிட்டது. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் அதன் பிறகு சாப்பிடாமல் மூன்று மணி நேரம் வரிசையில் நின்றால் சர்க்கரை இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, பந்தலிலேயே சரிந்துவிடக்கூடும். முகாமுக்கு வந்த அத்தனை பேருக்கும் அது கண் முன்னே நடக்கும். அதற்குப் பிறகு அந்த ஊரில் அடுத்த முகாமுக்கு யாரைக் கூப்பிடுவது?

ஆகவே முகாம் நடத்துபவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது எந்தப் பரிசோதனை என்பதை. ஒரு காலைப் பொழுதில் இருநூறு பேரைப் பார்க்க வேண்டுமானால் எப்போது வேண்டுமானாலும் செய்யும் குளுக்கோமீட்டர் சோதனைதான் வசதி. முப்பது வயது தாண்டியவர்களுக்கு அரசுத் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் செய்வதும் அதையே. 140-க்கு மேல் இருந்தால் அடுத்த சோதனைக்கு அனுப்புவார்கள். அதற்குப் பட்டினி தேவையில்லை. நோட்டீஸில் இப்படி எழுதலாம்: "வழக்கம்போலச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்று மட்டும் கேட்போம்." இந்த இரண்டு வரியில் ஒரு பெண் காலைச் சமையலை முடித்து, பிள்ளைகளுக்குப் பரிமாறி, தானும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம் என்பது தெரிந்துவிடுகிறது.

அடுத்தது பயங்கள். நாற்பது வயதுக்காரர் மனதில் கால் எடுப்பதைப் பற்றிய பயம் இல்லை. அவருடைய பயங்கள் வேறு. ஒரே ஊசியை எல்லோருக்கும் குத்துவார்களோ என்பது ஒன்று. "சர்க்கரைன்னு பேரு வச்சுட்டா அப்புறம் ஆயுசுக்கும் மாத்திரைதான்" என்பது இன்னொன்று. பெண் கல்யாணத்துக்கு இருக்கிற வீட்டில், விஷயம் தெருவுக்குத் தெரிந்துவிட்டால் என்ன ஆகும் என்ற கவலை. இலவசமாகப் பார்க்கிறார்கள் என்றால் பின்னால் ஏதோ ஒரு ஆஸ்பத்திரி ஆள் பிடிக்கிறது என்ற சந்தேகம். கடைசிச் சந்தேகம் எப்போதும் தவறானதும் அல்ல.

இவற்றை நோட்டீஸில் "பயப்படாதீர்கள்" என்று எழுதித் தீர்க்க முடியாது. பயப்படாதீர்கள் என்று படித்ததும்தான் பயப்பட ஏதோ இருக்கிறது என்று தோன்றும். அதற்குப் பதில் நடக்கப்போவதை நடக்கும் வரிசையில் சொல்லிவிட வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்வோம். விரல் நுனியில் புதிய ஊசியால் ஒரு சொட்டு எடுப்போம், ஒருவருக்குப் பயன்படுத்திய ஊசி அடுத்தவருக்குப் பயன்படாது. சில நொடிகளில் அளவு தெரிந்துவிடும். அதை ஒரு சீட்டில் எழுதி உங்களிடம் மட்டும் கொடுப்போம். இங்கே மருந்து விற்பனை கிடையாது. இவ்வளவுதான். ஒவ்வொரு வாக்கியமும் ஒரு பயத்துக்குப் பதில், ஆனால் எந்த வாக்கியமும் பயத்தைப் பற்றிப் பேசவில்லை.

எழுதினால் அதைக் காப்பாற்றவும் வேண்டும் என்பதுதான் சிக்கல். "உங்களிடம் மட்டும்" என்று அச்சடித்துவிட்டு, மேஜையில் இருக்கும் தம்பி பதிவேடு எழுதுகிறவரைப் பார்த்து "அடுத்தது எழுதுக்கா, இருநூத்தி எண்பது" என்று கத்தினால், வரிசையில் நிற்கும் முப்பது பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பரிசோதிக்கும் மேஜையையும் ஆலோசனை சொல்லும் நாற்காலியையும் இருபது அடி தள்ளிப் போட்டு, எண்ணைப் பேசாமல் சீட்டில் எழுதிக் கொடுத்தால் வேலை முடிந்தது. அதேபோல் "மருந்து விற்பனை இல்லை" என்று சொல்லிவிட்டு, அச்சுச் செலவைக் கொடுத்த ஒருவரின் "சர்க்கரையை வேரோடு அறுக்கும் சூரணம்" விளம்பரத்தை அதே நோட்டீஸின் கீழே போடக் கூடாது. போடுவது வெறும் ரசனைக் குறைவல்ல, சட்டமீறலும்கூட. சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய மருந்துகள் சட்டம் தடை செய்கிறது.

சோப்புப் போட்டுக் கழுவச் சொல்வதும் வெறும் சுத்தத்துக்காக அல்ல. மாம்பழம் நறுக்கிய கை, பிரசாதச் சர்க்கரைப் பொங்கல் ஒட்டிய கை, இவற்றிலிருந்து எடுத்த சொட்டில் உள்ள அளவு உடம்பின் அளவு அல்ல, பழத்தின் அளவு. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2011-இல் இதைச் சோதித்தார்கள். பழத்தோல் உரித்த விரலைக் கழுவாமல் குத்தினால் அளவு தாறுமாறாக ஏறியது. ஸ்பிரிட் பஞ்சால் பலமுறை துடைத்தும் சரியாகவில்லை, தண்ணீரில் கழுவிய பிறகுதான் சரியானது. கோயில் வாசலில் முகாம் போடுகிறவர்கள் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் துண்டும் வைக்காமல் பஞ்சை மட்டும் நம்பினால், நல்ல உடம்போடு வந்த யாரோ ஒருவர் 240 என்ற சீட்டோடு அழுதுகொண்டு வீட்டுக்குப் போவார். நோட்டீஸ் எவ்வளவு இதமாக இருந்தும் பிரயோஜனமில்லை. குளுக்கோமீட்டர் பட்டைகளின் காலாவதித் தேதியைப் பார்ப்பதும், டப்பா மூடியைத் திறந்து போட்டு ஈரக்காற்று படவிடாமல் இருப்பதும் இதே கணக்கில் சேரும்.

யாரைக் கூப்பிடுவது என்பதையும் தெளிவாக எழுத வேண்டும். "அனைவரும் வருக" என்பது மரியாதையான வரி, ஆனால் அதில் தன்னைக் கூப்பிட்டதாக யாரும் நினைப்பதில்லை. சென்னையில் டாக்டர் வி. மோகனின் ஆராய்ச்சிக் குழு 2005-இல் உருவாக்கிய இந்திய சர்க்கரை அபாய மதிப்பெண் முறை இதற்கு நல்ல துணை. ரத்தமே எடுக்காமல் நான்கு கேள்விகளில் முடிகிறது: வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்குச் சர்க்கரை உண்டா என்பது. மொத்தம் நூறு மதிப்பெண்ணில் அறுபதும் அதற்கு மேலும் போனால் அபாயம் அதிகம் என்று வைத்திருக்கிறார்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வயது 42, அதற்கு 20. இடுப்பு 84 சென்டிமீட்டர், பெண் என்பதால் 80-ஐத் தாண்டினால் 10 (ஆணுக்கு 90-இலிருந்து கணக்கு ஆரம்பம்). தையல் மிஷினில் உட்கார்ந்த வேலை, நடப்பதுகூட இல்லை, 30. அம்மாவுக்குச் சர்க்கரை, 10. கூட்டினால் 70. பார்க்க ஒல்லியான பெண்ணாகத்தான் இருப்பார். "எனக்கெல்லாம் எங்கே வரப்போகுது" என்று அவரே சொல்வார். நம் மக்களின் உடல்வாகு அப்படி: மொத்த எடையைவிட வயிற்றுச் சுற்றளவுதான் அதிகம் சொல்லும். ஆகவே நோட்டீஸில் மதிப்பெண்ணை அச்சிட வேண்டாம், அந்தக் கேள்விகளை மட்டும் சாதாரணப் பேச்சில் போடலாம். முப்பது வயது தாண்டியவர், அம்மாவுக்கோ அப்பாவுக்கோ சர்க்கரை இருப்பவர், உட்கார்ந்தே வேலை செய்பவர், கர்ப்பமாக இருந்தபோது சர்க்கரை இருந்தது என்று சொல்லப்பட்டவர். கடைசியாகச் சொன்னவர்களைப் பெரும்பாலான நோட்டீஸ்கள் மறந்துவிடுகின்றன. பிரசவத்தோடு சர்க்கரை போய்விட்டது என்று நிம்மதியாக இருக்கும் அந்தப் பெண்களுக்குப் பிற்காலத்தில் அது திரும்பி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மிக அதிகம்.

யார் வர வேண்டாம் என்றும் எழுதலாம், அது மரியாதைக் குறைவு அல்ல. "ஏற்கனவே சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்தப் பரிசோதனை தேவையில்லை. உங்கள் வீட்டில் இதுவரை பார்த்துக்கொள்ளாத ஒருவரை அனுப்பி வையுங்கள்" என்று போட்டால், முகாமின் பட்டைகளும் மிச்சமாகும், ஊரில் மிக நம்பகமான அழைப்பாளரும் கிடைப்பார். மாமியார் சொன்னால் மருமகள் வருவாள். அவருக்கு மாத்திரையோடு பதினைந்து வருஷப் பழக்கம்.

இனி அந்தச் சீட்டு. நோட்டீஸ் எவ்வளவு பயமுறுத்தாமல் இருந்தாலும், கையில் எண்ணைக் கொடுக்கும் நிமிடத்தில்தான் உண்மையான பயம் வரும். மேலே சொன்ன தையல்காரப் பெண்ணுக்கு 10:40 மணிக்கு 186 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்பதேகாலுக்கு நாலு இட்லியும் சர்க்கரை போட்ட காபியும் சாப்பிட்டிருக்கிறார். சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை. இந்த எண்ணை வைத்து அவருக்குச் சர்க்கரை நோய் என்று சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. விரல் நுனிச் சோதனை ஆளைப் பிரித்துக் காட்டுவதற்கு மட்டும்தான், நோயைத் தீர்மானிக்க அல்ல. சொல்ல வேண்டியது இதுதான்: "கொஞ்சம் கூடுதலா இருக்கும்மா. சாப்பிட்டதாலகூட இருக்கலாம். இந்த வாரத்துக்குள்ள ஒரு நாள் காலைல வெறும் வயித்தோட ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிப் பார்த்துக்கங்க. இந்தச் சீட்டைக் காட்டினா போதும்."

அங்கே நரம்பில் ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். வெறும் வயிற்றில் 126-ஐத் தொட்டாலோ, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 200-ஐத் தொட்டாலோ சர்க்கரை நோய். அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு இன்னொரு முறையும் பார்த்து உறுதி செய்வார்கள். நம் பெண்ணுக்கு வெறும் வயிற்றில் 108, இரண்டு மணி நேரத்தில் 164. அது முன்நிலை. மாத்திரை இல்லை. ஆனால் சும்மா இருக்கும் இடமும் அல்ல. டாக்டர் ஏ. ராமச்சந்திரனின் குழு இதே போன்ற நிலையில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்து 2006-இல் முடிவுகளை வெளியிட்டது. வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு மூன்றாண்டில் சர்க்கரை நோய் வந்தது. உணவையும் நடையையும் மாற்றிக்கொள்ளத் தொடர்ந்து வழிகாட்டப்பட்டவர்களில் 39 சதவீதம். முழுவதும் தடுக்க முடியவில்லை, ஆனால் அந்த வித்தியாசம் சிறியதல்ல. அந்த 16 பேர் நூற்றுக்கு, வேளாவேளைக்கு மாத்திரை என்ற வாழ்க்கையை அந்த மூன்று ஆண்டில் தொடங்க வேண்டி வரவில்லை.

300-ஐத் தாண்டி வருகிறவர்களும் இருப்பார்கள், அதோடு தாகமும், அடிக்கடி சிறுநீர் கழிப்பதும், காரணமில்லாமல் எடை குறைவதும் இருந்தால் அவரை "இந்த வாரத்துக்குள்" என்று அனுப்பக் கூடாது, அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். வாந்தியும் மூச்சு வாங்குவதும் சேர்ந்திருந்தால் நேரே ஆஸ்பத்திரிக்கு. பயமுறுத்தாமல் இருப்பது என்பது எல்லோருக்கும் "ஒன்றுமில்லை" என்று சொல்வது அல்ல.

அடுத்து எங்கே என்பது நோட்டீஸிலேயே இருந்துவிட்டால் பாதிக் கவலை தீரும். தமிழ்நாட்டில் இது எழுத எளிது. சர்க்கரை மாத்திரைகள் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். முகாமில் கண்டுபிடித்துவிட்டு "பெரிய டாக்டரைப் பாருங்க" என்று விடுவது, தினக்கூலி வாங்கும் குடும்பத்துக்குச் செலவைப் பற்றிய பயத்தையும் சேர்த்துக் கொடுப்பது. முகாமுக்கு முன்பே பக்கத்து சுகாதார நிலையத்து மருத்துவ அலுவலரிடம் பேசி, "இந்தச் சீட்டோடு வந்தால் பாருங்கள்" என்று ஏற்பாடு செய்துவிட்டு அந்த வரியை அச்சடிக்கலாம்.

இதையெல்லாம் சேர்த்தால் நோட்டீஸ் இப்படி வரும்:

"சர்க்கரை இருக்கிறதா? ஒரு சொட்டு ரத்தத்தில் பார்த்துவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை 8 மணி முதல் 1 மணி வரை, ஊராட்சி நடுநிலைப் பள்ளியில் (ரேஷன் கடைக்கு எதிரே) இலவசப் பரிசோதனை.

ஆரம்பத்தில் சர்க்கரைக்கு அறிகுறி தெரியாது. அப்போதே தெரிந்துகொண்டால் சாப்பாட்டிலும் நடையிலும் நிறையச் சமாளிக்கலாம்.

30 வயது தாண்டியவர்கள், அம்மாவுக்கோ அப்பாவுக்கோ சர்க்கரை இருப்பவர்கள், உட்கார்ந்தே வேலை செய்பவர்கள், கர்ப்பகாலத்தில் சர்க்கரை இருந்த பெண்கள் அவசியம் வாருங்கள்.

வழக்கம்போலச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்று மட்டும் கேட்போம்.

ஒவ்வொருவருக்கும் புதிய ஊசி. அளவைச் சீட்டில் எழுதி உங்களிடம் மட்டும் கொடுப்போம். மருந்து விற்பனை இல்லை.

அளவு கூடுதலாக இருந்தால் அடுத்த பரிசோதனையும் மருந்தும் நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். எங்கள் சீட்டைக் காட்டினால் போதும்.

ஏற்கனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள், வீட்டில் இதுவரை பார்க்காத ஒருவரை அனுப்பி வையுங்கள்.

சந்தேகம் இருந்தால் அழைக்க: ................"

தலைவர், செயலாளர் பெயர்கள் எங்கே என்று கேட்பார்கள். பின்பக்கம் முழுவதும் காலியாகத்தான் இருக்கிறது.

ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்வதற்கு இந்த நோட்டீஸை அப்படியே படிக்கக் கூடாது. ஆட்டோ ஒரு வீட்டைக் கடக்கும் நேரத்தில் இரண்டு வாக்கியத்துக்கு மேல் காதில் விழாது. நாள், இடம், "சாப்பிட்டுட்டே வரலாம்" என்ற மூன்றையும் திரும்பத் திரும்பச் சொன்னால் போதும். மிச்சத்தை நோட்டீஸ் பார்த்துக்கொள்ளும். அதைக் கோயில் வாசலில் மட்டும் ஒட்டாமல் ரேஷன் கடை, டீக்கடை, நூறு நாள் வேலை நடக்கும் இடம், பள்ளிக்கூட வாசல் ஆகியவற்றிலும் ஒட்டுங்கள். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் இருக்கும் ஊரில் வாரநாளில் முகாம் வைத்தால் அவர்கள் வர முடியாது, கூலி போய்விடும்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். முகாமோடு சம்பந்தமில்லாத, பரிசோதனை செய்துகொள்ளாத ஒருவரிடம் நோட்டீஸைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். படித்து முடித்ததும் தாளை வாங்கிக்கொண்டு இரண்டே கேள்வி கேளுங்கள்: ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பிட்டுவிட்டு வருவீர்களா, சாப்பிடாமல் வருவீர்களா? அளவு கூடுதலாக வந்தால் அடுத்து எங்கே போவீர்கள்? இரண்டுக்கும் தயங்காமல் பதில் வந்தால் அச்சடித்துவிடுங்கள்.